முதல் ஸ்பூல்: பிஎல்ஏவா, பெட்ஜியா?

3டி பிரிண்டரோடு வரும், ஃபிலமென்ட் என்ற பிளாஸ்டிக் இழையின் மாதிரிச் சுருள் இரண்டு மூன்று பொம்மைகளிலேயே தீர்ந்துவிடும். அடுத்து ஒரு கிலோ ஸ்பூல் வாங்க வேண்டும். கொக்கி, கேபிள் கிளிப், டிராயருக்குள் தடுப்பு, கருவிகளை மாட்டும் தாங்கி என்று வீட்டில் புழங்கும் பொருள்களைச் செய்வதுதான் நோக்கம் என்றால் போட்டியில் நிற்கும் பிளாஸ்டிக்குகள் இரண்டே: பிஎல்ஏ, பெட்ஜி. எது வலிமையானது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி முடிவெடுக்க உதவாது. மெதுவாக இழுத்து அறுக்கும் சோதனையில் பிஎல்ஏ பெட்ஜிக்குச் சமமாகவோ சற்று மேலாகவோதான் நிற்கும். ஆனாலும் கிளிப்புக்குப் பெட்ஜியைத்தான் பரிந்துரைக்கிறோம். பொருள் எவ்வளவு தாங்கும் என்பதைவிட எந்தச் சூழலில், எப்படி விட்டுக்கொடுக்கும் என்பதே இங்கே முக்கியம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டையும் ஒவ்வொரு கிலோ வாங்குங்கள், பிஎல்ஏவைத் தொடக்கத்தில் ஓட்டுங்கள், பெட்ஜியை உறை பிரிக்காமல் வைத்திருங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், செய்யப்போகும் பொருள்களின் பட்டியலை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகுமா? நாள் முழுக்க இழுவிசையிலோ வளைந்த நிலையிலோ நிற்குமா? பயன்படுத்தும்போதெல்லாம் வளைந்து நிமிர வேண்டுமா? ஒன்றுக்குக்கூட ஆம் வராவிட்டால் பிஎல்ஏ போதும். போதும் என்பதைவிட, அங்கே பிஎல்ஏதான் மேல். ஆம் வந்த பொருள்களுக்குப் பெட்ஜி.

சூடு

பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பெட்ஜி சுமார் 80 டிகிரி வரை தாங்கும். இளகுவது என்றால் உருகி ஓடுவதில்லை. கண்ணாடி போல விறைப்பாக இருந்தது ரப்பர் போலத் தளரும் நிலை அது. உருகுவதற்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தாலும், அந்த நிலையில் பொருள் தன் எடையைக்கூடச் சுமக்காமல் தொய்ந்துவிடும். சுமை இருந்தால் 60 வரை காத்திருக்கவும் வேண்டாம், 50 டிகிரியிலேயே மெல்லச் சாயும்.

20 டிகிரி வித்தியாசம் எண்ணாகப் பார்த்தால் சிறியது. ஆனால் அன்றாடம் நாம் சந்திக்கும் சூடான இடங்கள் பலவும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு, பாத்திரம் கழுவும் இயந்திரம், தென்பட்ட வெயிலையெல்லாம் உள்வாங்கும் கறுப்பு நிறத்தில் ஜன்னலோரம் வைத்த தாங்கி ஆகிய மூன்றும் பிஎல்ஏவை வளைத்துவிடும். கைவைத்தால் சுடுகிற மின் அடாப்டரைப் பற்றிப் பிடிக்கும் தாங்கியும் அப்படித்தான். காரில் போனை மாட்டும் பிடியைப் பிஎல்ஏவில் செய்து அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், ஒரே மதியத்தில் போன் தரையில் கிடக்கும். பெட்ஜி பெரும்பாலான கார் வேலைகளுக்குத் தாக்குப்பிடிக்கும். கண்ணாடிக்கு நேர் கீழே டாஷ்போர்டின் மேற்பரப்பில் ஒட்டியபடி நாள் முழுக்க வெயில் வாங்கும் பொருளுக்கு அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது. அங்கே ஏபிஎஸ், ஏஎஸ்ஏ போன்றவை வேண்டும். அவை தொடக்கக்காரர் தொட வேண்டியவை அல்ல.

கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. 100 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 3 தடிமனில் பிஎல்ஏவில் ஒன்று, பெட்ஜியில் ஒன்று என இரண்டு பட்டைகளைப் பிரிண்ட் செய்யுங்கள். 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, கையுறையோடு எடுத்து வளையுங்கள். பிஎல்ஏ வார் போலச் சுருளும். பெட்ஜி வளைய மறுத்து முன்னைப் போலவே திரும்பும். மேலே சொன்ன எண்களை நம்பச் சிரமமாக இருந்தால் இந்த ஒரு சோதனை போதும்.

பிஎல்ஏ பிளஸ், டஃப் பிஎல்ஏ என்ற பெயர்களில் விற்பவை சூட்டில் பொதுவாக அதே பிஎல்ஏதான். உடையாமல் வளைகிற தன்மையைக் கூட்டியிருப்பார்கள். அந்தப் பெயருக்கென்று எல்லோரும் ஏற்ற தரநிலை எதுவும் இல்லாததால், ஒரு பிராண்டின் பிளஸ் வேறு, இன்னொன்றின் பிளஸ் வேறு.

நாள் முழுக்கச் சுமக்கும் கொக்கி

இரண்டின் வித்தியாசம் நன்றாகத் தெரிகிற வேலை, மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு பையைத் தாங்கும் சி வடிவக் கொக்கி. எளிதாகத் தோன்றினாலும் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு ஆம் சொல்கிற பொருள் இது. அதனால் இதையே முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

மேசைப் பலகையின் தடிமன் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியின் வாய் 23.5 ஆக வரையப்படும். ஒன்றரை மில்லிமீட்டர் விரிந்து கவ்வினால்தான் நழுவாது. அதாவது மாட்டிய நொடியிலிருந்து கழற்றும் நொடிவரை அந்தப் பிளாஸ்டிக் வளைந்த நிலையிலேயே இருக்கிறது. அதன் மேல் பையின் எடை வேறு.

பிளாஸ்டிக்கை வளைத்து அப்படியே விட்டுவைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக அந்த வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்ளும். இழுத்துப் பிடிக்கும் விசை குறையும், வாய் விரிந்தபடியே நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதைக் கிரீப் என்பார்கள், தளர்வு என்று சொன்னாலும் பொருந்தும். இரண்டு பிளாஸ்டிக்கிலும் இது நடக்கும். இளகும் வெப்பநிலையை நெருங்க நெருங்க வேகமாகும். 35 டிகிரி அறையில் பிஎல்ஏ தன் எல்லைக்கு 25 டிகிரி கீழே நிற்கிறது, பெட்ஜி 45 டிகிரி கீழே. அந்த இடைவெளிதான் பெட்ஜிக்குக் கைகொடுக்கிறது. பிஎல்ஏ கொக்கி மாட்டிய அன்று இறுக்கமாகப் பிடிக்கும், ஒருநாள் தட்டினாலே கழன்று வரும். அது உடைந்ததும் இல்லை, பிரிண்ட் பிழையும் இல்லை. பிரிண்டரில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது.

பிஎல்ஏவுக்கு இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. வாயை விரித்து மேசையில் நுழைக்கும்போது உள்மூலையில் விரிசல் விட்டு டக்கென்று உடையலாம். பிஎல்ஏ முன்னெச்சரிக்கை தராமல் உடையும் ரகம். பெட்ஜி அதிகமாகப் போனால் முதலில் வளையும், மடிப்பில் வெளுக்கும். உடைவதற்கு முன் அந்த வெளுப்பைப் பார்த்து நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

ஆனால் பிஎல்ஏவுக்கென்று வரைந்த கோப்பை அப்படியே பெட்ஜியில் ஓட்டினால் ஏமாற்றமே வரும். கொக்கி தொளதொளவென்று இருக்கும். பெட்ஜியின் விறைப்பு பிஎல்ஏவைவிடக் குறைவு. தோராயமாகப் பிஎல்ஏவின் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் என்று கொள்ளலாம். இதை ஈடுசெய்ய வடிவத்தைத் தடிமனாக்க வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். வளையும் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 5 மில்லிமீட்டர் பட்டையை 6 ஆக்கினால் 1.2 × 1.2 × 1.2 = 1.73. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலே பெட்ஜி இழந்த விறைப்பு முழுதும் திரும்பிவிடுகிறது. அதோடு ஒரு லாபமும் கிடைக்கிறது. ஒரே பிடிவிசைக்குப் பட்டைக்குள் எழும் அழுத்தம் தடிமனின் இருமடிக்குத் தக்கபடி குறையும். 25ஐ 36ஆல் வகுத்தால் 0.69. அழுத்தம் முப்பது சதவீதம் இறங்குவதால் தளர்வும் மெதுவாகிறது.

பொருளின் எடையில் இது எவ்வளவு? பட்டையின் மொத்த நீளம் 180, அகலம் 20 என்றால், 5 மில்லிமீட்டரில் கன அளவு 18 கன சென்டிமீட்டர். பிஎல்ஏவின் அடர்த்தி 1.24 என்பதால் முழுக்கத் திண்மமாகப் பிரிண்ட் செய்தாலும் 22 கிராம்தான். 6 மில்லிமீட்டர் பெட்ஜி 21.6 கன சென்டிமீட்டர், அடர்த்தி 1.27, எடை 27 கிராம். ஐந்து கிராம் வித்தியாசத்துக்காக யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிரிண்டர் தட்டின் மேல் படுக்கவைக்கும் திசை. சி எழுத்தைத் தாளில் எழுதியதுபோல கொக்கியைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். அப்போது பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் முனையான நாசில் வரையும் ஒவ்வொரு கோடும் கொக்கியின் வளைவோடு ஓடும். சுமை அந்த இழைகளின் நீளவாட்டில் விழும். கொக்கியை நிற்கவைத்து அடுக்கினால், சுமை அடுக்கையும் அடுக்கையும் பிரித்தெடுக்கும் திசையில் விழுகிறது, பிளாஸ்டிக் எதுவானாலும் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் பிரியும். ஒரு கொக்கி உடைந்த இடத்தில் படிப்படியாக அடுக்கு தெரிந்தால் காரணம் திசை. திசையை மாற்றாமல் பிளாஸ்டிக்கை மாற்றிப் பயனில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில் பெட்ஜி பிஎல்ஏவைவிட நல்லது, ஆனால் இந்தப் பிழையை அது மன்னிக்கும் அளவுக்கு இல்லை.

இந்தக் கொக்கிக்கான அமைப்பு: 0.4 மில்லிமீட்டர் நாசில், 0.2 மில்லிமீட்டர் அடுக்கு, கோட்டின் அகலம் 0.45. சுவர் எண்ணிக்கையை 6 ஆக்கினால் இரு பக்கமும் சேர்ந்து 5.4 மில்லிமீட்டர் நிரம்பிவிடும். 6 மில்லிமீட்டர் பட்டையில் நடுவில் மீதியிருப்பது 0.6 மட்டுமே. உட்புறத்தை நிரப்பும் இன்ஃபில் சதவீதத்தை 15லிருந்து 60 ஆக்குவதைவிட இதுதான் கொக்கியைப் பலப்படுத்தும். ஏனென்றால் வளையும் பட்டையில் வேலை செய்வது வெளிப்புறத் தோல்தான், நடுப்பகுதி அல்ல. உள்மூலைகளை 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில் அழுத்தம் குவியும், விரிசல் தொடங்குவதும் அங்கேதான்.

இதே வேலையைப் பிஎல்ஏவில் முடிக்க வழியில்லையா? உண்டு. கொக்கியின் வடிவத்தையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக்கின் ஸ்பிரிங் விசையை நம்பாமல், மேசையின் அடியில் இரண்டு மரத் திருகுகளால் பதித்துவிட்டால், 8 முதல் 10 மில்லிமீட்டர் தடித்த பிஎல்ஏ கொக்கி பையைச் சுமக்கும். திருகுத் தலைக்கடியில் உலோக வாஷர் வையுங்கள். திருகை இறுக்கினால் அந்த இடத்திலும் தளர்வு நடந்து திருகு தானே இளகும். வாஷர் அழுத்தத்தைப் பரப்புவதால் அது குறையும்.

எப்படி நம்புவது என்று கேட்பவர்கள், வெந்நீருக்குப் போட்டதுபோன்ற இரண்டு பட்டைகளை எடுத்து, இரு முனைகளையும் தாங்கலில் வைத்து, நடுவை 3 மில்லிமீட்டர் கீழே அமுக்கிக் கட்டி ஒரு வாரம் விடுங்கள். இரண்டையும் ஒரே அறையில், ஒரே அளவு அமுக்கிவைக்க வேண்டும். பிரித்து ஒரு மணி நேரம் கழித்து, தட்டையான கண்ணாடியில் கிடத்தி நடுவில் எவ்வளவு வளைவு தங்கியிருக்கிறது என்று அளந்தால், உங்கள் ஸ்பூல் உங்கள் அறையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியும். விளம்பரத் தாளில் உள்ள எண்ணைவிட இது மேல்.

வளைந்து நிமிர்வது

பெட்டி மூடியின் நுனியில் இருக்கும் சிறு கொண்டி, கேபிளைக் கவ்வும் கிளிப், தண்டைப் பிடித்துக்கொள்ளும் வளையம் போன்றவை ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றன. இங்கே பெட்ஜியின் தேர்வில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. பிஎல்ஏ கொண்டி புதிதில் அழகாக டக்கென்று மாட்டும், சில பத்து முறைக்குள் வேரோடு முறியும். பெட்ஜியில் இன்னும் நீளமாக, மெல்லியதாக வரையலாம்.

மறுபக்கம், வளையவே கூடாத இடங்களில் பிஎல்ஏவின் விறைப்பு பெரிய பலம். டிராயர் தடுப்புகள், திருகு வகை பிரிக்கும் சின்னப் பெட்டிகள், துளையிடும்போது வழிகாட்டும் அச்சுத் தகடு, சுவரில் நிழலில் பதியும் கருவித் தாங்கி, பெயர்ப் பலகை, கணினித் திரையை உயர்த்தும் கால் என இவை எல்லாம் பிஎல்ஏவில்தான் கூர்மையாக வரும். மூலைகள் நேராக நிற்கும், எழுத்துகள் தெளிவாக இருக்கும், தாங்கல் இல்லாத பகுதிகள் தொங்காது, உப்புத்தாளில் தேய்த்தால் நன்கு வழுவழுப்பாகும். பெட்ஜியைத் தேய்த்தால் பிசிறு கிளம்பும், நகம் பட்டாலும் கீறல் விழும். ஒரு பகுதி உடைந்தால் சூப்பர் குளூவில் பிஎல்ஏ நன்றாக ஒட்டும், பெட்ஜி அவ்வளவாக ஒட்டாது.

ஈரமும் வெளிச்சமும் உள்ள இடம் என்றால், குளியலறையும் தோட்டமும் பெட்ஜிக்கு. பிஎல்ஏ மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்வதைக் கேட்டு வெளியில் வைத்தால் கரைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது மக்குவதற்குத் தொழிற்சாலை அளவிலான உரக்கிடங்கின் சூடு வேண்டும், வீட்டுக் கொல்லையில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியில் அதைத் தோற்கடிப்பது வெயில் சூடுதான். உணவு தொடும் பாத்திரத்துக்கு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அடுக்குகளுக்கு இடையிலுள்ள சந்துகளைக் கழுவிச் சுத்தப்படுத்த முடியாது.

பிரிண்ட் செய்யும்போது

பொருளைப் பொறுத்த வரை பெட்ஜிக்கு இவ்வளவு சாதகம் இருந்தும் பிஎல்ஏவை முதலில் ஓட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிஎல்ஏ சரியாக வரவில்லை என்றால் பிழை அநேகமாகப் பிரிண்டரில்தான்: தட்டு சமமாக இல்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது, நாசில் உயரம் தப்பு. பெட்ஜி சரியாக வரவில்லை என்றால் இவற்றோடு ஈரம், அதிகச் சூடு, விசிறி வேகம் எல்லாம் கலந்து கிடக்கும். புதிதாக வந்தவருக்கு எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு கிலோ பிஎல்ஏவில் கால்பங்கு தீர்வதற்குள் உங்கள் பிரிண்டரின் குணம் புரிந்துவிடும். அதன் பிறகு பெட்ஜியில் வரும் கோளாறு பெட்ஜியின் கோளாறுதான் என்று சொல்ல முடியும்.

வாங்குவதற்கு முன் பிரிண்டரில் இரண்டைப் பாருங்கள். தட்டு 70 முதல் 80 டிகிரி வரை சூடாக வேண்டும். தட்டே சூடாகாத சிறிய இயந்திரம் என்றால் பெட்ஜி உங்களுக்கில்லை, பிஎல்ஏ மட்டும்தான். அடுத்து, நாசில் வரை உள்ளே வெள்ளை டெஃப்லான் குழாய் இறங்கும் வகை ஹாட்எண்ட், அதாவது இழையை உருக்கும் பகுதி, என்றால் 240 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போகப்போக அந்தக் குழாய் சிதையத் தொடங்கும். முழுக்க உலோகத்தில் அமைந்த ஹாட்எண்ட் என்றால் இந்தக் கவலை இல்லை.

பிஎல்ஏவுக்கு நாசில் 200 முதல் 215, தட்டு 55 முதல் 60, முதல் அடுக்கு முடிந்ததும் விசிறி முழு வேகம். இவ்வளவுதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும் பிரிண்டர் என்றால் கதவையும் மேல்மூடியையும் திறந்துவையுங்கள். உள்ளே சூடு தேங்கினால் ஃபிலமென்ட் நாசிலுக்கு வருவதற்கு முன்பே மேலே இளகிப் பருத்து அடைத்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு நாசிலில் எதுவும் வராமல், மேலே பல்சக்கரம் டக் டக்கென்று சறுக்கினால் அநேகமாக இதுதான் காரணம்.

பெட்ஜிக்கு நாசில் 235 முதல் 245, தட்டு 75 முதல் 80. விசிறி 30 முதல் 50 சதவீதம். முழு வேகத்தில் விட்டால் அடுக்குகள் சரியாக ஒட்டாமல் கையால் பிய்த்தெடுக்கலாம். வேகத்தைப் பிஎல்ஏவில் ஓட்டியதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். பெட்ஜி பிசுபிசுப்பாக வெளியேறும், அவசரப்படுத்தினால் கோடுகள் இடைவெளி விட்டுக் கிழிந்ததுபோல வரும்.

பெட்ஜியின் முதல் அடுக்கில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பிஎல்ஏவை நாசிலால் தட்டில் நன்றாக அமுக்கித் தேய்க்க வேண்டும். பெட்ஜியை அப்படி அமுக்கினால் அது நாசிலின் பக்கங்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும், கறுத்துக் கட்டியாகும், பிறகு ஏதாவது ஒரு மூலையில் கட்டியாக விழுந்து பிரிண்டையே இடித்துத் தள்ளும். பிஎல்ஏவுக்குச் சரியாக இருந்த உயரத்திலிருந்து நாசிலை 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் தொட்டுக்கொண்டு, மேலே லேசாக உருண்டையாகத் தெரிய வேண்டும். நாசில் கோட்டின் மேல் உரசி இருபுறமும் கரை கட்டினால் இன்னும் தாழ்வாக இருக்கிறது. கோடுகள் தனித்தனிக் கயிறாகப் பிரிந்து கிடந்தால் உயரம் அதிகமாகிவிட்டது.

தட்டின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது, கவனிக்காவிட்டால் பணச் செலவு தரக்கூடியது. வழுவழுப்பான பிஇஐ பிளாஸ்டிக் தாளிலும் வெறும் கண்ணாடியிலும் பெட்ஜி அளவுக்கு மீறி ஒட்டும். பிய்த்தெடுக்கும்போது பிஇஐ தோலையோ கண்ணாடிச் சில்லையோ கூடவே பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே குளூ ஸ்டிக்கை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். இந்த இடத்தில் அது ஒட்டுவதற்காக அல்ல, தட்டுக்கும் பெட்ஜிக்கும் நடுவே பிரிக்கும் படலமாக இருப்பதற்காக. சொரசொரப்பான பிஇஐ தட்டு இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை, வெறும் தட்டிலேயே ஒட்டும், ஆறியதும் தானே விடும். எந்தத் தட்டானாலும் அறை வெப்பநிலைக்கு ஆறும் வரை பொருளைத் தொடாதீர்கள். சூட்டில் இழுப்பதுதான் தட்டுகள் கெட்டுப்போகக் காரணம்.

ஈரம்

பொருளின் மேலெங்கும் சிலந்தி வலைபோல மெல்லிய நூல்கள் தெரிந்தால் உடனே ஸ்லைசர் மென்பொருளில், இழையைப் பின்னுக்கு இழுக்கும் அளவான ரிட்ராக்‌ஷனைத் திருகத் தோன்றும். அதற்கு முன் ஃபிலமென்ட்டின் ஈரத்தைப் பாருங்கள். காதைக் கொடுத்தால் நாசிலில் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோலச் சடசடவென்று மெல்லிய ஒலி கேட்கும். வெறுமனே காற்றில் ஊற்றிப் பார்த்தால் இழை பளபளப்பாக இல்லாமல் குமிழ் குமிழாக, நுரைத்து வரும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிய பிளாஸ்டிக், 240 டிகிரியில் அந்த நீரை ஆவியாக வெளியேற்றுகிறது. கடையிலிருந்து உறை பிரித்த புதுச் சுருளிலும் இது இருக்கலாம்.

பெட்ஜியை 65 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்துங்கள். பிஎல்ஏவுக்கு 45 முதல் 50, நாலு முதல் ஆறு மணி நேரம் போதும். 60ஐத் தொட்டால் சுருள் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகும். ஃபிலமென்ட் உலர்த்தி இருந்தால் நல்லது. சமையலறை ஓவனை நம்ப வேண்டாம், குறைந்த சூட்டில் அதன் ஏற்ற இறக்கம் அதிகம். உலர்ந்த பிறகும் நூல் இருந்தால், நாசில் சூட்டை 5 டிகிரி 5 டிகிரியாக இறக்குங்கள், அதன் பிறகுதான் ரிட்ராக்‌ஷன். இழையைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் நாசிலுக்கு நேர் மேலேயே இருந்தால் 0.5 முதல் 1 மில்லிமீட்டருக்குள் நிற்கும், நீளக் குழாய் வழியாகத் தள்ளும் வகையில் 4 முதல் 5 வரை. பெட்ஜியில் நூல் முழுதாக மறையாமல் போகலாம். சின்னதாக மீதமிருப்பதை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் ஒரு நொடி தடவினால் சுருங்கிவிடும்.

பிஎல்ஏ ஈரம் வாங்கினால் அறிகுறி வேறு மாதிரி. குழாய்க்குள் நிற்கும் இழை, யாரும் தொடாமலேயே இரவில் முறிந்து கிடக்கும். இரண்டையும் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடும் டப்பாவில் போட்டுவையுங்கள்.

எந்த ஸ்பூலை எடுப்பது

முதல் பிஎல்ஏ சாதாரண வகையாக, சாம்பல் போன்ற நடுநிற வண்ணத்தில் இருக்கட்டும். அடுக்குப் பிழைகள் அதில் தெளிவாகத் தெரியும். பளபளக்கும் சில்க் வகை அழகுக்கு நல்லது, அடுக்குகள் ஒட்டுவதில் பலவீனம், கொக்கிக்கு உதவாது. மரத்தூள், கார்பன் இழை கலந்தவை பித்தளை நாசிலை அரிக்கும் அல்லது அடைக்கும், இப்போதைக்கு வேண்டாம். பெட்ஜியில் ஒளி ஊடுருவாத சாதாரண நிறம் போதும். கண்ணாடி போன்ற தெளிவு வேண்டும் என்று நிறமில்லாததை வாங்கினால், அடுக்குக் கோடுகளால் அது மங்கலாகத்தான் வரும். இரண்டிலும் 1.75 மில்லிமீட்டர்தான் உங்கள் பிரிண்டருக்குரியதா என்று சரிபாருங்கள்.

இரண்டு ஸ்பூலும் கையில் இருப்பதில் ஒரு கூடுதல் பயன் உண்டு. பிஎல்ஏவும் பெட்ஜியும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. பெட்ஜிப் பொருளுக்கு அடியில் நிற்கும் தாங்கலின் மேல் அடுக்கைப் பிஎல்ஏவில் போட்டால் கையால் தட்டினாலே பிரிந்துவரும், அடிப்பாகமும் வழுவழுப்பாக இருக்கும். இந்தக் காரணத்தாலேயே இரண்டையும் ஒரே பொருளின் சுமை தாங்கும் பகுதிகளாகச் சேர்த்துப் பிரிண்ட் செய்யக் கூடாது.

ஸ்பூல் மாற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். பெட்ஜியிலிருந்து பிஎல்ஏவுக்கு வரும்போது நாசிலை 240இலேயே வைத்து, புது இழையைச் செலுத்தி, வெளிவரும் நிறம் முழுக்க மாறிய பிறகும் இன்னும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளுங்கள். அதன் பிறகே 210க்கு இறக்குங்கள். முன்கூட்டியே இறக்கினால் உள்ளே மீதமிருக்கும் பெட்ஜி அந்தச் சூட்டில் சரியாக இளகாமல் நாசிலை அடைக்கும். பிஎல்ஏவிலிருந்து பெட்ஜிக்குப் போகும்போதும் நாசிலை முதலில் 240க்கு ஏற்றிவிட்டே புது இழையைச் செலுத்துங்கள்.